பெரியப்பாவுக்கு எழுதிய மூன்றாம் பக்கம்

ஜோலீன் கடிதத்தைக் கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தில் வாசித்துக் காட்டியிருக்கக் கூடாது. ஆனால் வாசித்துக்கொண்டிருந்தாள். மேசையில் நான்கைந்து பேர். எல்லோரும் அவளோடு எபிரேய மொழி வகுப்பில் இருப்பவர்கள். தட்டுகளை ஒதுக்கிவிட்டு முழங்கைகளை ஊன்றிக் கேட்டார்கள். "அன்புள்ள ஹார்லன் பெரியப்பாவுக்கு" என்று தொடங்கியபோது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. இரண்டாவது பத்தி வருவதற்குள் அது மேடைப் பேச்சுக் குரலாகிவிட்டது.

கடிதம் கேட்டது பெரியப்பாதான். ஆறு நாளில் உலகம் உண்டான கதையைச் சொல்லும் வேதாகமத்தின் முதல் அதிகாரத்தைக் கவிதையாக வாசிப்பது பற்றி அவள் ஒரு கூட்டத்தில் கட்டுரை வாசித்தாள் என்று கல்லூரியின் இணையப் பக்கத்தில் படத்தோடு போட்டிருந்தார்கள். அதை ஊரில் யாரோ பார்த்து, தேவாலயத்தில் காபி குடிக்கும் நேரத்தில் அவரிடம் சொல்லிவிட்டார்கள். அன்று மாலையே அவர் கூப்பிட்டார். "நான் கோபப்படல, ஜோ. எனக்குப் புரியணும். போன்ல சொன்னா பாதி காதுல விழாது, பன்னிக்கொட்டகைல சத்தம். எழுதி அனுப்பு. மெதுவாப் படிச்சுக்கறேன்" என்றார். அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் மக்காச்சோளமும் பன்றியும் வளர்க்கும் மனிதர். குடியேறிய டச்சுக்காரர்கள் கட்டிய அந்த ஊர்த் தேவாலயத்தில் இருபது வருடத்துக்கு மேலாக ஞாயிறு வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர். ஜோலீனுக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். கம்பளித் துணி ஒட்டிய பலகையில், நீலத் துணியில் வெட்டிய கடலையும் பச்சைத் துணியில் வெட்டிய மரங்களையும் ஒவ்வொரு நாளாக ஒட்டுவார். ஆறாம் நாளில் ஆதாமை ஒட்டும் உரிமைக்குப் பிள்ளைகள் சண்டை போடுவார்கள்.

முதல் இரண்டு பக்கங்களை அவள் அந்தப் பலகையை மனத்தில் வைத்துத்தான் எழுதியிருந்தாள். அவை நல்ல பக்கங்கள். "நீங்கள் ஒட்டிக் காட்டிய ஆறு நாட்களையும் இரண்டு வரிசையாகப் போட்டுப் பாருங்கள், பெரியப்பா. முதல் நாள் வெளிச்சம். அதற்கு நேர் கீழே நான்காம் நாள், வெளிச்சத்தைச் சுமக்கும் சூரியனும் சந்திரனும். இரண்டாம் நாள் வானமும் நீரும் பிரிகின்றன. அதற்குக் கீழே ஐந்தாம் நாள், வானத்துக்குப் பறவை, நீருக்கு மீன். மூன்றாம் நாள் தரையும் செடிகொடியும். கீழே ஆறாம் நாள், தரையில் நடக்கும் மிருகங்களும் மனிதனும். முதல் மூன்று நாளில் வீட்டைக் கட்டுகிறார், அடுத்த மூன்று நாளில் குடிவைக்கிறார். நடந்ததை நடந்த வரிசையில் குறித்துவைக்கிறவர் இப்படி எழுதமாட்டார். பாடுகிறவர் எழுதுவார்."

சூரியன் வருமுன் மூன்று சாயங்காலமும் மூன்று விடியலும் எப்படி வந்தன என்று கேட்டிருந்தாள். மூலமொழியில் முதல் வசனத்தில் ஏழு சொற்கள், இரண்டாவதில் பதினான்கு, 'நல்லது' என்ற சொல் ஏழு முறை என்று எழுதியிருந்தாள். பூமி வெறுமையாய் இருந்தது என்பதற்கு அங்கே வரும் சொற்கள் 'தோஹு வபோஹு', வாய்விட்டுச் சொன்னால் ஒன்றை ஒன்று எதிரொலிக்கும். சூரியனையும் சந்திரனையும் பேர் சொல்லாமல் பெரிய விளக்கு, சின்ன விளக்கு என்று மட்டும் சொன்னதற்கும் காரணம் எழுதினாள்: சுற்றியிருந்த தேசத்தார் அந்தப் பேர்களைச் சொல்லிக் கும்பிட்டார்கள், அவை சாமிகள் அல்ல, வெறும் விளக்குகள் என்று அவர்கள் முகத்துக்கு நேரே பாடுகிற பாட்டு இது. அடுத்த அதிகாரத்தில் வரிசையே மாறி, மனிதன் முதலிலும் மிருகங்கள் பிறகும் வருவதையும் விடவில்லை. இரண்டையும் ஒரே புத்தகத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்? "எனக்கு விசுவாசம் போய்விடவில்லை. இப்படி வாசிக்கும்போதுதான் எனக்கு முழங்கால் மடங்குகிறது" என்று இரண்டாம் பக்கம் முடிந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மேசையில் இருந்த அறைத்தோழி மெரடித் கேட்டாள். "உங்க பெரியப்பா நிஜமாவே வேதத்துல வர்ற அந்தப் பெருவெள்ளத்தப்ப பேழைக்குள்ள டைனோசர் ஏறிச்சுன்னு நம்பறாரா?"

"குட்டியா இருக்கறதா பாத்து ஏத்தினாங்களாம்" என்றாள் ஜோலீன். "அப்பல்லாம் அதுங்க புல்லுதான் திங்குமாம்." அவள் அதைப் பெரியப்பாவின் குரலிலேயே, கடைசிச் சொல்லைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னாள். மேசை சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளுக்கு இதமாக இருந்தது. பன்றிப் பண்ணை ஊரிலிருந்து வந்தவள் என்று முதல் வருடம் முழுக்கக் கூசிக்கொண்டிருந்தவள், இப்போது அந்த ஊருக்கு வெளியே நின்று மற்றவர்களோடு சேர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ எலும்புல இருக்கற பல் தடத்துக்கு என்ன சொல்வாராம்? அதையும் போடு" என்றான் ஒருவன். "அதான் சரியான அடி."

அன்று மத்தியானமே நூலகத்தில் உட்கார்ந்து மூன்றாம் பக்கத்தை எழுதினாள். கை சூடாக ஓடியது. பாறைக்குள் கிடக்கும் எலும்புகளில் வேறு மிருகத்தின் பல் பட்ட தடம் இருக்கிறது, கட்டி வந்து செத்த மிருகத்தின் எலும்பு இருக்கிறது, மனிதன் காலடி வைப்பதற்கு வெகுகாலம் முன்பே இவை நடந்துவிட்டன. "சாவு ஆதாமின் பாவத்தால் பின்னால் வந்து புகுந்தது அல்ல, பெரியப்பா. அது தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. கடவுள் எல்லாவற்றையும் பார்த்து 'மிகவும் நல்லது' என்று சொன்னபோது அந்த 'எல்லாம்' என்பதற்குள் சாவும் இருந்தது. அதையும் ஏற்றுக்கொள்ள நமக்குத் தைரியம் வேண்டும்." கடைசி வாக்கியம் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. உறையை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள்.

பதில் வரவில்லை. அறுவடைக் காலம், மனிதர் எந்திரத்தை விட்டு இறங்கியிருக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டாள். நவம்பரில் ஒரு ஞாயிறு, அவள் அம்மா ஆர்லீன் போனில் அதையும் இதையும் பேசிவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில் சொன்னாள்.

"உங்க பெரியப்பா ஞாயிறு வகுப்பை விட்டுட்டாரு, தெரியுமா?"

"ஏன்? உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன? பிள்ளைங்க எதிர்ல நிக்க முடியலன்னு பாஸ்டர்கிட்ட சொன்னாராம். அதுக்கு மேல யார்கிட்டயும் வாயத் தொறக்கல." பிறகு அம்மாவே கேட்டாள். "நீ அவருக்கு என்னமோ எழுதினியாமே. சாவைப் பத்தியா எழுதின? கர்ட்டிஸோட அப்பாவுக்கு?"

ஜோலீன் போனைப் பிடித்தபடி விடுதி வராந்தாவில் நின்றாள். உண்மையைச் சொன்னால், அந்தப் பக்கத்தை எழுதும்போது கர்ட்டிஸ் அவள் நினைவிலேயே இல்லை. அவளுக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கிய அண்ணன். பெரியப்பாவின் ஒரே பிள்ளை. சோளம் கொட்டிவைக்கும் உயரமான தகரக் குதிருக்குள் ஈரத்தில் கட்டிதட்டிப்போன தானியத்தை உடைத்துவிடப் போனவன், அடியில் தானியத்தை இழுக்கும் எந்திரம் ஓடிக்கொண்டிருக்க, கட்டி உடைந்து சோளத்துக்குள் இழுபட்டுப் புதைந்துபோனான். அண்டை அயலார் ரம்பம் கொண்டுவந்து குதிரின் தகரத்தைப் பக்கவாட்டில் அறுத்தார்கள். சோளம் மஞ்சளாகக் கொட்டிக்கொண்டே இருந்தது. அறுத்தவர்களில் பெரியப்பாவும் ஒருவர். ஜோலீன் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. டைனோசரின் எலும்பில் இருக்கும் பல் தடம் நினைவுக்கு வந்தவளுக்கு இது வரவில்லை. அடக்கத்தன்று பாஸ்டர் பேசி முடித்தபின் பெரியப்பா எழுந்து நின்று ஏதோ சொன்னார் என்பது மட்டும் நினைவிருந்தது. என்ன சொன்னார் என்பது இல்லை.

நன்றி சொல்லும் வியாழக்கிழமைப் பண்டிகைக்கு ஊருக்கு வந்தாள். காலை ஆராதனையில் பெரியப்பா இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். பிரசங்கம் தொடங்கும்போது பெப்பர்மின்ட் மிட்டாய்ச் சுருளைப் பிரித்து வரிசையில் கடத்துவது அவர் வழக்கம். அன்றும் கடத்தினார். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது அவரும் எழுந்தார். பாட்டுப் புத்தகம் கையில் திறந்திருந்தது. பின்னாலிருந்து பார்க்க அவர் தாடை அசையவில்லை.

விருந்து பெரியப்பா வீட்டில். ஜோலீன் காரை விட்டு இறங்கியதும் அடுப்படிக்குப் போகாமல் நேரே கொட்டகைக்குப் போனாள். நன்றி நாளானாலும் பன்றிக்குத் தீனி உண்டு. வாசலில் கிடந்த ரப்பர் பூட்சை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். குட்டி போட்ட பன்றிகள் கம்பிச் சட்டங்களுக்குள் சரிந்து படுத்திருந்தன. மூலைகளில் சிவப்புச் சூட்டு விளக்கின் கீழ் குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போலத் தூங்கின. பெரியப்பா கையில் வாளியோடு குனிந்திருந்தார்.

"பூட்ஸ் போட்டுக்கிட்டியா?" என்றார் திரும்பாமலே.

"போட்டுட்டேன், பெரியப்பா."

அவர் ஒரு தாய்ப்பன்றியின் வயிற்றுக்கடியில் கையை விட்டு, நசுங்கிச் செத்துப்போன குட்டி ஒன்றை எடுத்தார். ராத்திரி புரண்டு படுத்திருக்கும். அதை வாளிக்குள் போட்டார். வாளியில் முன்பே ஒன்று கிடந்தது.

"உன் கடுதாசியப் படிச்சேன்" என்றார். "பல தடவை படிச்சேன். நல்லா எழுதற. அந்த ரெண்டு வரிசை விஷயம் இருக்கே, நான் இத்தனை வருஷமா அந்தப் படத்தை ஒட்டறேன், கீழயும் மேலயும் பொருந்துதுன்னு எனக்குத் தோணினதே இல்ல. அட்டையில போட்டுப் பாத்தேன். பொருந்துது."

ஜோலீன் ஒதுங்கி வழிவிட, அவர் அடுத்த சட்டத்துக்கு நகர்ந்தார்.

"நாலாம் நாள் சூரியன் நானே சின்ன வயசுல கேட்டதுதான். எங்கப்பா முதுகுல ஒண்ணு வெச்சாரு. அதோட விட்டுட்டேன்." சிரிக்கப் பார்த்தார். "ஆனா ஒண்ணு கேக்கறேன். அது பாட்டுன்னு சொல்ற. நான் புதுசா ஒரு விளக்கப் புத்தகம் வாங்கிப் படிச்சேன். அந்தப் பாஷையில பாட்டுக்கு வினைச்சொல் ஒரு மாதிரி வருமாம், கதைக்கு வேற மாதிரி வருமாம். இங்க வர்றது 'பிறகு இது ஆச்சு, பிறகு அது ஆச்சு'ன்னு கதை சொல்ற வினைச்சொல்லாமே. அப்படியா?"

"ஆமா."

"அது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்." பேராசிரியர் வகுப்பில் முதல் வாரமே சொன்னது அதுதான். இதை நேரடியாகக் கவிதை என்று சொல்லிவிடாதீர்கள், மனிதனைப் படைக்கும் அந்த ஒரு வசனம் மட்டுமே உண்மையில் செய்யுள், மற்றது கதைக்கும் கவிதைக்கும் நடுவே நிற்கும் உயர்ந்த நடை என்றார். வாதம் நீர்த்துப்போகும் என்று அவள் அதைக் கடிதத்தில் விட்டுவிட்டாள். "சொல்லாம விட்டுட்டேன், பெரியப்பா. அது... முழுப் பாட்டு இல்ல. பாட்டு மாதிரி கட்டின கதை."

"ம்." அவர் முகத்தில் ஜெயித்த களை எதுவும் தெரியவில்லை. "பத்துக் கட்டளையில நாலாவதுல ஓய்வுநாளுக்குக் காரணம் சொல்லும்போது ஆறு நாள்னுதானே வருது. அதை எங்க வெக்கறது?"

"அந்த வாரத்தோட வடிவம்தான் அங்க வர்றதுன்னு நினைக்கறேன். எனக்கு அதுல முழுசா தெளிவு இல்ல."

"கடுதாசியில ரொம்பத் தெளிவா இருந்துச்சே."

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கம்பியில் சாய்ந்தார். "அதை அந்தப் பாஷையில சொல்லேன். எப்படிக் கேக்குதுன்னு பாக்கலாம்."

அவள் தொடங்கினாள். முதல் வசனம், வெறுமையைச் சொல்லும் இரண்டாவது, வெளிச்சம் உண்டானது, அது நல்லது என்று கண்டது, சாயங்காலமாகி விடியற்காலமாகி. தகரக் கூரைக்குக் கீழே, பன்றிகளின் உறுமலுக்கு நடுவே அந்த ஒலி அவள் நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது. பெரியப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் நிறுத்தியதும் கண்ணைத் திறந்தார்.

"சொல்லு."

"அவ்வளவுதான் மனப்பாடம், பெரியப்பா."

"முதல் நாள் வரைக்குமா?"

"முதல் நாள் வரைக்கும்."

அவர் தலையாட்டினார். கேலி இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. பிறகு, "வேற யாருக்காவது காட்டினியா அதை?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிடலாம். நாக்கில் அது வந்தும் விட்டது. "வாசிச்சுக் காட்டினேன். சாப்பாட்டு மேசையில."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

"கடுதாசியப் பாத்தா?"

"இல்ல. நான் உங்களப் பத்திச் சொன்னதுக்கு. பேழையில டைனோசர் குட்டி ஏறினதச் சொன்னேன். உங்க குரல்லயே சொன்னேன்."

பெரியப்பாவின் முகம் மெல்லச் சிவந்தது, கழுத்திலிருந்து மேலே. அறுபது தாண்டிய ஒரு மனிதர் வெட்கப்படுவதை அவள் அவ்வளவு அருகில் பார்த்ததில்லை. வெட்கப்பட வைத்தவள் அவள். அவர் கையுறையைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"சிரிக்கற இடம்தான் அது" என்றார். "கர்ட்டிஸும் சிரிப்பான். பேழையில சாணி அள்ளினது யாருப்பான்னு வகுப்புல எல்லார் முன்னாடியும் கேட்டான். பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆச்சு."

"பெரியப்பா, அந்த மூணாம் பக்கம் நான் எழுதியிருக்கக் கூடாது. நான் கர்ட்டிஸ் அண்ணன நினைக்கவே இல்ல. சத்தியமா நினைக்கல."

"தெரியும். நினைச்சிருந்தா எழுதியிருக்கமாட்ட." அவர் வாளிக்குள் பார்த்தார். "அடக்கத்தப்ப நான் எழுந்து பேசினேன், உனக்கு நினைவிருக்காது. என்ன சொன்னேன் தெரியுமா? இந்தச் சாவு கடவுள் செஞ்சதில்ல. அவரு உண்டாக்கினதுல இது கிடையாது. இது எதிரி, பின்னால வந்து நுழைஞ்சது, ஒருநாள் அவரு இதத் தூக்கி வெளிய போடுவாரு. அதைச் சொன்னப்புறம்தான் என்னால வீட்டுக்கு வர முடிஞ்சுது. மறுநாள் தீனி போட முடிஞ்சுது. ஆறு நாள் எனக்கு எதுக்கு வேணும்னு நினைக்கற? நாளுக்கு இருபத்துநாலு மணி நேரம்னு எண்ணறதுக்கா? கடைசியில அவரு எல்லாத்தையும் பாத்து நல்லதுன்னு சொன்னப்ப அதுக்குள்ள அந்தக் குதிரு இல்லங்கறதுக்குத்தான்."

விளக்கடியில் ஒரு குட்டி எழுந்து மற்றவற்றை மிதித்துக்கொண்டு தாயிடம் போனது.

"நான் அதை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றாள் ஜோலீன். தன் காதுக்கே அது சிறுபிள்ளைப் பேச்சாகக் கேட்டது.

"நீ நம்பறதத்தானே எழுதின?"

அவள் யோசித்தாள். பல் தடங்கள் அங்கேதான் இருந்தன. எவ்வளவு வெட்கப்பட்டாலும் அவை எலும்பிலிருந்து அழியப்போவதில்லை. "எலும்பு பொய் இல்ல, பெரியப்பா. ஆனா அதுக்கு அர்த்தம் என்னன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன். தைரியம் வேணும்னு உங்களுக்கு எழுதினேன்."

"அந்த வரிய நான் பாத்தேன்" என்றார் அவர். "வாபஸ்லாம் வாங்காத. என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொன்னா, அப்புறம் நீ சொல்ற எதையும் நான் நம்ப முடியாது." வாளியை எடுத்துக்கொண்டார். "பிள்ளைங்ககிட்ட 'மிகவும் நல்லது'ங்கற அந்தக் கடைசி வசனத்தைச் சொல்ல வேண்டி வந்துது, ஜோ. வாய் வரல. அவங்க என் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தாங்க. வா, உங்க பெரியம்மா கத்துவா."

அடுப்படியில் பெரியம்மா லவோன் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தாள். அவள் ஜோலீனைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெண்ணெயை எடுத்துத் தரச் சொன்னாள். பிறகு, குரலைத் தாழ்த்தி, "இப்பல்லாம் சாப்பிடறதுக்கு முன்னாடி நான்தான் ஜெபம் பண்றேன்" என்றாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த வீட்டுல நான் சத்தமா ஜெபிச்சதில்ல. எனக்கு வார்த்தையே வரமாட்டேங்குது. சொன்னதையே சொல்றேன்."

"பெரியம்மா..."

"வெண்ணெய் போதும்."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஜோலீனின் அப்பா, அம்மா, பெரியம்மா, மேசைத் தலைப்பில் பெரியப்பா. நடுவில் வான்கோழி, அதன் இருபுறமும் மசித்த கிழங்கும் பச்சை அவரையும் கிரான்பெரியும், குழம்புக் கிண்ணம். அப்பா வழக்கம்போலத் தன் அண்ணன் பக்கம் பார்த்துத் தலையைக் குனிந்தார். இப்போதெல்லாம் ஜெபிப்பது பெரியம்மா என்று அவருக்குத் தெரியாது. மற்றவர்களும் குனிந்தார்கள். பெரியம்மா கைகளைக் கோத்துக்கொண்டு தொடங்குவதற்காக மூச்சை இழுத்தாள். அப்போது பெரியப்பா மேசைமேல் இருந்த அவள் மணிக்கட்டைத் தொட்டார். அவள் நிறுத்திக்கொண்டாள்.

எல்லோரும் காத்திருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. ஜோலீனுக்குக் கண்ணை மூட முடியவில்லை. பெரியப்பாவின் உதடுகள் ஒருமுறை பிரிந்தன, ஈரமாக ஒரு சின்னச் சத்தம், பிறகு சேர்ந்துகொண்டன. அப்பா தலை நிமிராமலே லேசாகத் தொண்டையைச் செருமினார். கிழங்கிலிருந்து எழுந்த ஆவி மெலிந்து நின்றுபோனது. குழம்பின்மேல் மெல்லிய ஆடை ஒன்று கிண்ணத்தின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கூடிவந்துகொண்டிருந்தது. பெரியப்பா மறுபடியும் வாயைத் திறந்தார்.